பணம் நடுவழியில் நிற்கும்போது எழுதப்படும் அறிவிப்பு

2025 ஏப்ரல் 12 ஒரு சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாம் சனி என்பதால் வங்கிகளுக்கு விடுமுறை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை கேரளத்தில் விஷு, தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள். தொடர்ந்து மூன்று நாள் வங்கிக் கிளைகள் திறக்காத அந்தப் பண்டிகைக் காலத்தில், சனிக்கிழமை நண்பகலை ஒட்டி நாடெங்கும் யு.பி.ஐ. தடுமாறத் தொடங்கியது. முழுவதுமாக நின்றுவிடவில்லை. சிலருக்குப் பணம் போனது, சிலருக்குப் போகவில்லை. வேறு சிலருக்குக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது, ஆனால் கடைக்காரருக்கு வந்து சேரவில்லை. நிலைமை சீராகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆயிற்று. மார்ச் 26, ஏப்ரல் 2 ஆகிய நாள்களில் ஏற்பட்ட தடங்கல்களையும் சேர்த்தால் மூன்று வாரத்துக்குள் இது மூன்றாவது.

யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., கோளாறு நடந்துகொண்டிருந்தபோதே சமூக ஊடகத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விட்டுவிட்டுத் தொழில்நுட்பச் சிக்கல் ஏற்படுகிறது, அதனால் பரிவர்த்தனைகளில் ஒரு பகுதி மறுக்கப்படுகிறது, சரிசெய்து வருகிறோம், தொடர்ந்து தகவல் தருவோம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்பதே அதன் சாரம். அதில் சொன்ன எதுவும் பொய்யல்ல. கோளாறு தம்முடையதே என்று தயங்காமல் ஏற்றுக்கொண்டதும் பாராட்டத்தக்கது. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் அரிசியோ மிளகோ விற்கும் ஒருவர், ‘பணம் பிடிச்சாச்சு, பாருங்க’ என்று கைபேசியை நீட்டும் வாடிக்கையாளரின் எதிரே நின்று அதைப் படித்திருந்தால், அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

அந்த ஒரு வரியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. பணச் சேவை பாதி முடங்கியிருக்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு எழுதப்படும் அறிவிப்பை நிறுவனங்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கடிதம் போலவே எழுதுகின்றன. அதைப் படித்த பிறகு மக்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் கோளாறின் அளவையே மாற்றுகின்றன. ஆகவே அந்த அறிவிப்பு பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி என்பதே என் வாதம். ஏப்ரல் 12-இன் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

பணம் எங்கே நிற்கிறது

கடையின் க்யூஆர் அட்டையைப் படமெடுத்து ரகசிய எண்ணை அழுத்தியதும், செலுத்துபவரின் செயலி தன் பின்னால் இருக்கும் வங்கி வழியாக என்.பி.சி.ஐ.யின் மைய அமைப்புக்குக் கோரிக்கை அனுப்புகிறது. மைய அமைப்பு செலுத்துபவரின் வங்கியிடம் பணத்தைப் பிடிக்கச் சொல்கிறது. பிடித்தாயிற்று என்ற பதில் வந்ததும் பெறுபவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அந்த வங்கியும் ஆயிற்று என்று பதில் தந்த பிறகே இருபுறச் செயலிகளுக்கும் முடிவு போகிறது. வழக்கமான நாளில் இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

கோளாறு முதல் படியிலேயே ஏற்பட்டால் சிக்கலில்லை. பணம் யாரிடமிருந்தும் நகரவில்லை. பணம் பிடிக்கப்பட்ட பிறகு, வரவு உறுதியாவதற்கு முன்பு ஏற்படும் கோளாறுதான் துன்பம் தருவது. பெறுபவரின் வங்கி வரவு வைத்திருக்கலாம், ஆனால் அதன் பதில் மைய அமைப்பைச் சென்றடையாமல் போயிருக்கலாம். வரவு வைக்கும் கோரிக்கையே அந்த வங்கிக்குப் போகாமலும் இருந்திருக்கலாம். நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் இரண்டிலும் பதில் வரவில்லை. இப்படிப்பட்ட சில பரிவர்த்தனைகளைப் போய்ச் சேர்ந்ததாகவே வைத்துக்கொண்டு, பிறகு வங்கிகள் கணக்குகளை ஒப்பிட்டுத் தீர்க்கும் ஏற்பாடும் யு.பி.ஐ.யில் உண்டு.

ஆகவே பாதி முடக்கத்தில் வாடிக்கையாளர்கள் மூன்று வகையாகப் பிரிகிறார்கள். வெற்றி கண்டவர்களுக்கு அறிவிப்பே தேவையில்லை. தோல்வி என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு, வேறு எந்த வழியில் செலுத்தலாம் என்று சொன்னால் போதும். நிலுவையில் நிற்பவர்களுக்குத்தான் அறிவிப்பு உயிர்நாடி. தங்கள் பணம் போனதா, திரும்புமா, மறுபடி செலுத்தலாமா என்ற மூன்று கேள்விகளோடு அவர்கள் காத்திருக்கிறார்கள். மறுக்கப்படுகிறது என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு இரண்டாம் வகையினருக்கு எழுதப்பட்டது. மூன்றாம் வகையினர் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பணமும் மறுக்கப்பட்டதாக எண்ணி மறுபடி செலுத்திவிடுகிறார்கள்.

ஒரு கடையில் ரூ. 1,850

இதை ஓர் எடுத்துக்காட்டால் தொடர்ந்து பார்ப்போம். மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடை. பகல் 12.20-க்கு ஒருவர் மிளகும் ஏலமும் ரூ. 1,850-க்கு வாங்குகிறார். அவருடைய கணக்கில் பணம் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. கடையின் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. செயலியில் நிலுவை என்று காட்டுகிறது.

வாடிக்கையாளர் வேறொரு செயலியில் மறுபடி செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இம்முறை பணம் போய்ச் சேர்கிறது. இரண்டு மணிக்கு முதல் பணமும் கடைக்கு வந்துவிட்டால், கடையில் ரூ. 3,700 இருக்கும், வாடிக்கையாளரோ ஊரைவிட்டே போயிருக்கலாம். கடைக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் யாருக்குத் திருப்புவது என்று தேட வேண்டும்.

இதன் மறுபுறமும் உண்டு. வாடிக்கையாளர் ரொக்கமாக ரூ. 1,850 கொடுத்துவிட்டு, ‘யு.பி.ஐ.யில் போன பணத்தை இப்போதே கையில் கொடுங்கள்’ என்று கேட்கிறார். கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்தும் விடுகிறார். இரண்டு மணிக்கு அந்தப் பணம் கடைக்கு வருவதற்குப் பதிலாக வாடிக்கையாளரின் கணக்குக்கே திரும்பிப் போனால், கடைக்கு ரூ. 1,850 நட்டம். இருவரும் பொய் சொல்லவில்லை. முடிவு தெரியாத பணத்தை முடிவு தெரிந்ததாகக் கருதியதால் வந்த நட்டம் இது.

ஆகவே சரியான நடைமுறை ஒன்றுதான். பொருளுக்கான பணத்தை ரொக்கமாகவோ கார்டிலோ வாங்கிக்கொண்டு, நிலுவைப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் தொகையையும் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகே எதையும் திருப்ப வேண்டும். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இது அறிவிப்பில் இருந்தால், அந்த ஐந்து மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கடைகளில் எழும் வாக்குவாதம் குறையும்.

இதே வேளையில் ஏமாற்று வேலையும் பெருகும் என்பதை அறிவிப்பு மறந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் பணம் தாமதமாகிறது என்று தெரிந்த நேரத்தில், பொய்யான வெற்றித் திரையைக் காட்டிவிட்டுப் பொருளோடு போவது எளிது. பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து ரகசிய எண்ணைப் போடச் சொல்பவர்களும் இத்தகைய நேரத்துக்காகவே காத்திருக்கிறார்கள். பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்ற வரி அறிவிப்பில் இடம்பெற வேண்டியது அதனால்தான்.

கேட்கக் கேட்கப் பெருகும் சுமை

ஏப்ரல் 12 கோளாறுக்குப் பிறகு என்.பி.சி.ஐ. செய்த ஆய்வின் முடிவு, அறிவிப்பு எழுதுபவர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. ஒரு பரிவர்த்தனையின் நிலை என்ன என்று வங்கிகள் மைய அமைப்பிடம் கேட்பதற்கென்று தனிக் கோரிக்கை உண்டு. `ReqChkTxn` என்பது அதன் பெயர். சில வங்கிகளின் மென்பொருள்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, வெள்ளமாக அனுப்பியதில்தான் அமைப்பு திணறியது என்று தெரியவந்தது. பணத்தை நகர்த்தும் கோரிக்கைகளால் அல்ல, ‘என் பணம் என்ன ஆயிற்று’ என்ற கேள்வியால் அமைப்பு தள்ளாடியது.

இது எப்படி நடக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு வங்கி வழியாக நிமிடத்துக்கு 1,000 பரிவர்த்தனைகள் நடக்கின்றன. கோளாறில் பாதி, அதாவது 500, நிலுவையில் மாட்டுகின்றன. மென்பொருள் ஒவ்வொரு நிலுவைக்கும் 10 நொடிக்கு ஒருமுறை நிலை கேட்கிறது. பத்து நிமிடத்தில் 5,000 பரிவர்த்தனைகள் நிலுவையில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு ஆறு கேள்வி என்றால் நிமிடத்துக்கு 30,000 கேள்விகள். உண்மையான பணப் பரிவர்த்தனையைப் போல முப்பது மடங்கு. இந்தச் சுமையால் மேலும் பல பரிவர்த்தனைகள் நிலுவைக்குப் போகும். அவற்றுக்கும் கேள்விகள் கிளம்பும். தொடக்கக் காரணம் நீங்கிய பின்னும் கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

என்.பி.சி.ஐ. வகுத்த தீர்வும் இந்தக் கணக்கை உடைப்பதாகவே அமைந்தது. பரிவர்த்தனை தொடங்கி 90 நொடி கழிந்த பிறகே முதல் நிலைக் கேள்வி. இரண்டு மணி நேரத்துக்குள் மொத்தம் மூன்று கேள்விகளுக்கு மேல் கூடாது. இந்த வரம்பை நம் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்த்தால், நிமிடந்தோறும் புதிதாகச் சேரும் 500 நிலுவைகள் தம் வாழ்நாள் முழுவதிலும் 1,500 கேள்விகளுக்கு மேல் எழுப்ப முடியாது. முப்பது மடங்கு ஒன்றரை மடங்காகிறது. 2025 ஆகஸ்ட் முதல் வாடிக்கையாளர்களுக்கும் வரம்புகள் வந்தன. ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று.

மனிதர்களும் அந்த மென்பொருள்களைப் போலவேதான் நடந்துகொள்கிறார்கள். பணம் போனதா என்று தெரியாதவர் இருப்பைப் பார்க்கிறார், நிலையைப் பார்க்கிறார், மறுபடி முயல்கிறார். ஒவ்வொரு முயற்சியும் பாதிக்குப் பாதி வெல்லும் நேரத்தில், வெற்றி கிடைக்கும்வரை எல்லோரும் முயன்றால் மொத்த முயற்சிகள் இரட்டிப்பாகும். தடுமாறும் அமைப்பின் மேல் இரட்டைச் சுமை. சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்ற பொதுவான அறிவுரை இதைத் தடுக்காது, ஏனென்றால் சிறிது நேரம் என்பது ஒருவருக்கு இருபது நொடி, இன்னொருவருக்கு இரண்டு நிமிடம். நிலையைச் சோதிக்க வேண்டாம், முடிவு தெரிந்ததும் தானாகவே வரும், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு என்று எழுதினால், மனிதர்களிடமிருந்து வரும் சுமை அந்த அளவு குறைகிறது. வங்கிக்கு வரம்பு விதிக்கச் சுற்றறிக்கை வேண்டும். வாடிக்கையாளரை நிறுத்தி வைக்கத் தெளிவான ஒரு வாக்கியமே கருவி.

எவ்வளவு பழுது, யாருக்குப் பழுது

ஒரு பகுதி என்று மட்டும் சொன்னால் படிப்பவர் அதைத் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். பணம் போகாதவர் முழுவதும் முடங்கியதாக எண்ணுவார். பணம் போனவர் சரியாகிவிட்டதாகப் பரப்புவார். 2018 ஜூன் 1 அன்று ஐரோப்பாவில் விசா கார்டு சேவை ஏறக்குறைய பத்து மணி நேரம் தடுமாறியது. தரவு மையத்தின் ஒரு ஸ்விட்ச்சில் இருந்த உறுப்பு முழுவதும் செயலிழக்காமல் அரைகுறையாகப் பழுதானதால், மாற்று ஏற்பாடு தானாகக் கைகொடுக்கவில்லை என்று விசா பின்னர் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியது. அன்று முயலப்பட்ட 5.12 கோடிப் பரிவர்த்தனைகளில் 52 லட்சம் தோற்றன. சராசரியாக நூற்றுக்குச் சுமார் பத்து. ஆனால் உச்ச நேரங்களில் அது நூற்றுக்கு 35 வரை போனது. பத்தில் ஒன்று தோற்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவருக்குத் தர வேண்டிய அறிவுரையும், மூன்றில் ஒன்று தோற்கும் நேரத்தில் தர வேண்டியதும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆகவே அறிவிப்பில் ஒரு தோராய அளவு வேண்டும். ஏறக்குறைய பாதி, பத்தில் இரண்டு என்ற அளவில் சொன்னாலே போதும். அது தவறென்று பிறகு தெரிந்தால் அடுத்த அறிவிப்பில் திருத்தலாம். அளவோடு, எது இயங்குகிறது என்பதும் வேண்டும். யு.பி.ஐ. தடுமாறும்போது கார்டு இயந்திரம் பெரும்பாலும் வேறு பாதையில் இயங்கிக்கொண்டிருக்கும். ஜூ டவுனுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிக்கு அது போதும். பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் கார்டு எதற்கும் உதவாது. அவருக்கு ரொக்கம் வேண்டும், அதுவும் கிளை திறக்காத நாளில். ஏ.டி.எம். இயங்குகிறதா என்பதை அறிவிப்பில் சொல்வதன் தேவை அத்தகைய நாள்களில் கூடுகிறது.

காரணத்தைப் பொறுத்தவரை நேர் எதிரான கட்டுப்பாடு வேண்டும். கோளாறின் நடுவில் காரணம் பெரும்பாலும் தெரியாது. தெரிந்ததாகத் தோன்றுவதும் அடிக்கடி மாறும். ஏப்ரல் 2 தடங்கலுக்குச் சில வங்கிகளின் வெற்றி விகிதம் ஏறி இறங்கியதே காரணம் என்று என்.பி.சி.ஐ. கூறியது. பத்து நாள் கழித்து வந்த கோளாறின் வேர், நாம் பார்த்தபடி, வேறோர் இடத்தில் இருந்தது. உறுதியாகாத காரணத்தை எழுதிவிட்டு மறுக்க நேர்ந்தால், அதற்குப் பிறகு சொல்லும் பயனுள்ள அறிவுரையையும் மக்கள் நம்பமாட்டார்கள். காரணத்தை ஆராய்கிறோம் என்று ஒரே வரியில் விட்டுவிட்டு, அந்த இடத்தைச் செய்ய வேண்டியவற்றுக்குக் கொடுப்பதே நல்லது.

அறிவிப்பை எழுதிப் பார்ப்போம்

கொச்சியில் சில ஆயிரம் கடைகளுக்கு க்யூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் கார்டு இயந்திரமும் தரும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். கோளாறு அதனுடையதல்ல, மைய அமைப்பில் இருந்து வருகிறது. இருந்தாலும் கடைக்காரருக்கு முகம் காட்டுவது இந்தச் சேவைதான். அது கடைகளுக்கு அனுப்ப வேண்டிய முதல் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“12.04.2025, பகல் 12.10. காலை 11.45 முதல் யு.பி.ஐ. வழியே வரும் பணத்தில் ஏறக்குறைய பாதி தாமதமாகிறது அல்லது தோற்கிறது. நாடு முழுவதும் இந்தத் தடங்கல் உள்ளது; காரணம் ஆராயப்படுகிறது. கார்டு இயந்திரங்கள் வழக்கம்போல் இயங்குகின்றன.

வாடிக்கையாளரிடம் பணம் பிடிக்கப்பட்டு உங்களுக்கு வராமல் இருந்தால், மீண்டும் யு.பி.ஐ.யில் செலுத்தச் சொல்லாதீர்கள். ரொக்கமோ கார்டோ வாங்குங்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, வாடிக்கையாளரின் கைபேசி எண் மூன்றையும் குறித்து வையுங்கள். முடிவு தெரியும்வரை எதையும் திருப்பித் தர வேண்டாம்.

பணம் வந்ததா என்பதை உங்கள் செயலியில் மட்டும் பாருங்கள். வாடிக்கையாளரின் திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிலையைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டாம். முடிவு வந்ததும் தானாக மாறும். பணத்தைப் பெற ரகசிய எண் தேவையில்லை; நாங்கள் யாரிடமும் அதைக் கேட்கமாட்டோம்.

அடுத்த தகவல் 12.40-க்கு.”

இதில் வருத்தம் தெரிவிக்கும் வரி இல்லை. அது கூடாது என்பதல்ல. முதல் அறிவிப்பைப் படிப்பவரின் எதிரே ஒரு வாடிக்கையாளர் நிற்கிறார். முதல் சில வரிகள் அவருக்கு உரியவை. வருத்தத்தை அன்று மாலையில் சொல்லலாம். அப்போது அதைக் கேட்க அவருக்கு நேரமும் இருக்கும்.

இந்த அறிவிப்பில் எளிதில் கைவிடப்படுவது கடைசி வரி. 12.40-க்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் எழுத வேண்டும்: ‘நிலைமை மாறவில்லை, இன்னும் ஏறக்குறைய பாதி தாமதமாகிறது, மேலே சொன்னபடியே செய்யுங்கள், அடுத்த தகவல் 1.10-க்கு.’ சொன்ன நேரத்தில் ஒரு வரி வந்தால் கடைக்காரர் அடுத்த அரைமணி நேரம் காத்திருப்பார். வராவிட்டால் செயலியைத் திறந்து சோதிக்கத் தொடங்குவார். உதவி எண்ணையும் அழைப்பார். அங்கே நிலுவைகளைத் தீர்க்க வேண்டியவர்கள் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது அறிவிப்பில் பெரும்பாலும் ஒரு திருத்தம் இருக்கும். எடுத்துக்காட்டாக, பணம் வந்த பிறகும் சவுண்ட் பாக்ஸ் சில நிமிடம் தாமதித்தே பேசுகிறது என்று கண்டுபிடித்திருக்கலாம். அப்போது முந்தைய அறிவிப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது. பழையது நேரத்தோடு அப்படியே இருக்க, மேலே புதியது வர வேண்டும். 12.10-இன் அறிவிப்பை வைத்து ஒரு கடைக்காரர் எடுத்த முடிவுக்கு அதுவே பிறகு சான்றாகத் தேவைப்படும்.

அறிவிப்பு போய்ச் சேரும் வழி

எவ்வளவு நன்றாக எழுதினாலும், அனுப்பும் வழியும் அதே கோளாறில் சிக்கினால் பயனில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் மேகச் சேமிப்புச் சேவை முடங்கியபோது, சேவைகளின் நிலையைக் காட்ட வேண்டிய அதன் பக்கத்தையே சரியாக மாற்ற முடியவில்லை. அந்தப் பக்கம் முடங்கிய சேவையையே சார்ந்திருந்தது. பழுதைச் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் நலம் என்று பச்சை காட்டியது. பணச் சேவைக்கும் இதே பாடம் பொருந்தும். நிலைமைப் பக்கம் தன் சர்வர்களுக்கு வெளியே, வேறொருவரின் அமைப்பில் இருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரி போன்ற கடைத்தெருவில் பலருக்கு அறிவிப்பு குறுஞ்செய்தியாகத்தான் போகும். இந்தியாவில் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி, நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மாறுபவை என்று குறித்து வைத்த இடங்களில் மட்டுமே நேரம், அளவு போன்றவற்றை அப்போதைக்கப்போது நிரப்பலாம். கோளாறு நடக்கும்போது உட்கார்ந்து புதிய வாசகம் எழுதி அனுப்ப வழியில்லை. நிலுவைப் பணத்துக்கு என்ன செய்வது என்ற வாக்கியம் மாதங்களுக்கு முன்பே எழுதிப் பதிவாகியிருந்தால்தான் அன்று அனுப்ப முடியும்.

இரண்டாவது கட்டுப்பாடு இடம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகள் கொள்ளும். மலையாளம், தமிழ் போன்ற எழுத்துகளில் 70 குறிகளே. அதிலும் புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யெழுத்தும் இரண்டு குறிகளை எடுத்துக்கொள்ளும். எழுபதில் அடங்காத செய்தி துண்டுகளாகப் போய்ப் பெறுபவரின் கைபேசியில் இணையும். ஒரு துண்டு தாமதித்தால் முழுச்செய்தியும் தாமதிக்கும். ஆகவே முதல் குறுஞ்செய்தியில் ஒரே கட்டளைதான் இருக்க முடியும்: யு.பி.ஐ. தாமதம், பணம் பிடிக்கப்பட்டிருந்தால் மீண்டும் செலுத்த வேண்டாம். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் புழங்கும் கடைத்தெருவில், எந்தக் கடைக்கு எந்த மொழியில் அனுப்புவது என்பதையும் பதிவேட்டில் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

கோளாறு எப்போது முடிகிறது

ஏப்ரல் 12 மாலையில் புதிய பரிவர்த்தனைகள் சீராகப் போகத் தொடங்கின. பொறியாளரின் திரையில் கோளாறு அத்தோடு முடிந்தது. ரூ. 1,850 நடுவழியில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அது முடியவில்லை. அவருக்கு எப்போது முடியும் என்பதை ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை தெளிவாக வகுத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய பணம் பிடிக்கப்பட்டு வரவாகாமல் போனால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகாமல் போனால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு, அதை வாடிக்கையாளர் கேட்காமலே வரவு வைக்க வேண்டும். நாள்கள் நாள்காட்டிக் கணக்கு. விடுமுறைக்குச் சலுகை இல்லை.

இதை ஏப்ரல் 12-இல் வைத்தால், தனிநபர் பரிமாற்றத்துக்குக் கெடு ஏப்ரல் 13. கடைக்கான பரிமாற்றத்துக்கு ஏப்ரல் 17. ஒரே தெருவில் இரண்டு கெடுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பதிவு செய்த வணிகக் க்யூஆர் வைத்திருக்கும் மசாலாக் கடைக்கு ஒன்று. தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை அச்சடித்து ஒட்டியிருக்கும் தேநீர்க் கடைக்கு மற்றொன்று. இந்த வேறுபாடு வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாலை அறிவிப்பு அதைத் தேதியோடு சொல்ல வேண்டும்: ‘கடைக்குச் செலுத்திய பணம் ஏப்ரல் 17-க்குள் கடைக்கு வரும் அல்லது உங்கள் கணக்குக்குத் திரும்பும். 18-ஆம் தேதி முதல் நாளொன்றுக்கு ரூ. 100 உங்களுக்கு உரியது, விண்ணப்பிக்க வேண்டியதில்லை.’

பெரும்பாலான நிறுவனங்கள் சேவை சீரானது, பொறுமைக்கு நன்றி என்ற வரியோடு கோளாறை மூடிவிடுகின்றன. நிலுவையில் எத்தனை நின்றன, அவற்றில் எத்தனை தீர்ந்தன, மீதி எந்தத் தேதிக்குள் தீரும் என்ற மூன்று எண்களும் வெளிவருவதில்லை. இவை நிறுவனத்திடம் இல்லாத எண்கள் அல்ல. கணக்கு ஒப்பிடும்போது அன்றாடம் கிடைப்பவைதான். கெடு முடியும் நாள்வரை தினமும் ஒருமுறை இவற்றை வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கலாம். நாள்கெடுவும் இழப்பீடும் ஏற்கெனவே சட்டமாக இருக்கும் நாட்டில், அவற்றைப் பாதிக்கப்பட்டவருக்கு அந்த நாளிலேயே தெரிவிக்கும் கடமை மட்டும் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது பெரிய குறை. கடைசி நிலுவைப் பணம் கடையிலோ செலுத்தியவர் கணக்கிலோ சேர்ந்துவிட்டது என்று எழுத முடிகிற நாளே அந்தக் கோளாறு முடிந்த நாள். அதுவரை அறிவிப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.